வேலூர் 1806: மூன்று காலக்கோடுகளும் சில அம்புக்குறிகளும்

முதன்முதலாக வேலூர்ப் புரட்சிப் பாடத்துக்கு நான் செய்த பிரசன்டேஷன் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்பது பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நீல அம்புக்குறி. பாடம் முடிந்து வைத்த சிறு தேர்வில், "சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை ஏன் கொண்டுவரப்பட்டது?" என்று கேட்டிருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் எழுதிய விடை: "திப்பு சுல்தான் இறந்ததால்."

முதலில் பிள்ளைகள் மீது எரிச்சல் வந்தது. பிறகு மடிக்கணினியைத் திறந்து பார்த்தால், நான் போட்ட படமே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 1799 திப்பு மறைவு, அதிலிருந்து ஓர் அம்பு, அம்பின் முனையில் 1805 தலைப்பாகை. "பிறகு" என்று சொல்வதற்காக நான் போட்ட அம்பை அவர்கள் "அதனால்" என்று படித்திருந்தார்கள். படத்தை அவர்கள் சரியாகத்தான் படித்தார்கள். வரைந்தவர்தான் தப்பு.

முதன்முறையாக இப்படி ஒரு பாடம் தயாரிக்கும் ஆசிரியருக்கு நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் இந்த ஒன்றைச் சுற்றியே வரும். காலத்தைக் காட்டும் கோடு வேறு, காரணத்தைக் காட்டும் அம்பு வேறு. இரண்டும் கண்ணுக்கு வேறாகத் தெரிய வேண்டும். வேலூர் எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் வருகிற பாடம் என்பதால் அதையே எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து செய்து பார்ப்போம்.

முதலில் காகிதம்

கணினியைத் திறக்காதீர்கள். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில், ஒரு தாளுக்கு ஒரு நிகழ்ச்சி என்று எழுதுங்கள். நாள், யார், என்ன செய்தார், இவ்வளவு போதும். வேலூருக்கு என்னிடம் முதலில் பதினெட்டுத் தாள் சேர்ந்தது. பாடவேளை நாற்பது நிமிடம். அதில் வருகைப்பதிவும் புரொஜெக்டர் உயிர்பெறும் நேரமும் போக முப்பது நிமிடம் கையில் நிற்கும். பதினெட்டு நிகழ்ச்சியை முப்பது நிமிடத்தில் சொன்னால் வகுப்பு எழுதி எடுக்கும், யோசிக்காது. பத்துக்குள் அடக்குங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவுசெய்ய ஒரு கேள்வி வேண்டும். "வேலூர்ப் புரட்சி பற்றி" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. நான் வைத்துக்கொண்ட கேள்வி இரண்டு பகுதி கொண்டது. கோட்டைக்குள் ஏறத்தாழ 1,500 இந்தியச் சிப்பாய்கள், ஏறத்தாழ 370 ஆங்கிலேயர். கம்பெனியின் சம்பளத்தை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஓர் இரவில் ஏன் அதன் மீதே துப்பாக்கியைத் திருப்பினார்கள்? எண்ணிக்கையில் நான்கு மடங்கு இருந்தும் அன்று மதியத்துக்குள் கோட்டையை எப்படி இழந்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவாத தாள் எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் வெளியே போகட்டும். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799 அக்டோபர் 16 என்ற தாளை எடுத்து வைக்க எனக்கு மனமே வரவில்லை. ஆனால் அது முந்தைய பாடம். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

மிஞ்சியவை இவை. 1799 மே 4, சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரில் இறக்கிறார். அவர் பிள்ளைகளும் குடும்பமும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். 1801 ஜூலை 31, கர்நாடக உடன்படிக்கையால் நவாபின் நிலம் கம்பெனி கைக்குப் போகிறது. 1805 நவம்பர், புதிய தலைப்பாகையும் சீருடை விதிகளும். 1806 மே, வேலூரில் சிப்பாய்கள் தலைப்பாகையை மறுக்கிறார்கள், தண்டிக்கப்படுகிறார்கள். ஜூன் 17, முஸ்தபா பெக் என்ற சிப்பாய் சதியைப் பற்றி எச்சரிக்கிறார், யாரும் நம்பவில்லை. ஜூலை 9, கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். ஜூலை 10 விடியற்காலை புரட்சி, அன்றே முடிவு. பிறகு விளைவுகள்.

ஒரு கோட்டில் இது அடங்காது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரே கோட்டில் எல்லாவற்றையும் சம இடைவெளியில் அடுக்கிவிடுவார்கள். 1799க்கும் 1801க்கும் இடையே மூன்று விரற்கடை. ஜூன் 17க்கும் ஜூலை 10க்கும் இடையேயும் அதே மூன்று விரற்கடை. இரண்டு ஆண்டும் இருபத்து மூன்று நாளும் ஒரே நீளம் என்றால் அது காலக்கோடு இல்லை. புள்ளி வைத்த பட்டியல்.

அளவோடு வரைந்து பாருங்கள். பவர்பாயின்ட்டில் அகலத்திரைத் தாள் 33.87 செ.மீ. அகலம். இடப்பக்கம் 2 செ.மீ. விட்டு, 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். 1798 தொடக்கம் முதல் 1807 முடிவு வரை பத்து ஆண்டு. ஆக ஓர் ஆண்டுக்கு 3 செ.மீ. திப்பு மறைவு கோட்டின் தொடக்கத்திலிருந்து 4 செ.மீ.யில் விழும். கர்நாடக உடன்படிக்கை ஏறத்தாழ 10.7 செ.மீ.யில். அதன்பின் பதின்மூன்று செ.மீ. வெறுமை. திடீரென்று 23.6இலிருந்து 25.6க்குள், இரண்டு செ.மீ. இடத்துக்குள், தலைப்பாகை, மறுப்பு, எச்சரிக்கை, புரட்சி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கித் தள்ளுகின்றன.

எழுத்து படிக்க முடியவில்லையே என்று கை பரபரக்கும், புள்ளிகளைத் தள்ளி வைக்கத் தோன்றும். தள்ளாதீர்கள். அந்த நெரிசல்தான் பாடம். நான்கு ஆண்டு ஒன்றும் இல்லாமல் இருந்து, எட்டே மாதத்தில் எல்லாம் நடந்திருக்கிறது. அந்த எட்டு மாதத்தில் புதிதாக வந்தது என்ன என்று பிள்ளைகள் தாமாகவே கேட்பார்கள். சம இடைவெளியில் அடுக்கியிருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

எழுத்தைப் படிக்க வைக்க அடுத்த தாளில் இன்னொரு கோடு. நெருக்கியடித்த அந்தத் துண்டை மட்டும் இழுத்து நீட்டுங்கள். 1805 அக்டோபர் தொடக்கம் முதல் 1806 ஜூலை முடிவு வரை பத்து மாதம். அதே 30 செ.மீ. கோடு, இப்போது ஒரு மாதத்துக்கு 3 செ.மீ. மூன்றாவது தாளில் ஜூலை 10 மட்டும். விடியற்காலை 2 மணி முதல் நண்பகல் 12 வரை பத்து மணி நேரம். மறுபடியும் 30 செ.மீ., ஒரு மணிக்கு 3 செ.மீ.

பத்து ஆண்டு, பத்து மாதம், பத்து மணி என்று அமைந்தது தற்செயல்தான். எல்லாப் பாடத்துக்கும் இப்படி வாய்க்காது. ஆனால் கோட்டின் நீளமும் தாளில் அது இருக்கும் இடமும் மூன்றிலும் மாறாமல் இருந்தால், கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு அளவை மட்டும் மாற்றுகிறோம் என்பது ஒரு சொல்லும் இல்லாமல் புரிந்துவிடும். கோட்டின் வலது ஓரத்தில் "ஆண்டு", "மாதம்", "மணி" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். முதல் கோட்டில் எந்தத் துண்டை இழுத்து நீட்டுகிறோமோ அதன் மேல் ஒரு மஞ்சள் பட்டை போட்டு, அடுத்த தாளின் கோடு முழுவதையும் அதே மஞ்சளில் வையுங்கள். அந்தப் பட்டை இல்லாதபோது, மூன்றும் அடுத்தடுத்து வரும் மூன்று காலங்கள் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

புள்ளியைக் கண்ணளவில் வைக்க வேண்டாம். பவர்பாயின்ட்டில் புள்ளியின் மேல் வலச்சொடுக்கு, `Format Shape`, அதில் `Size & Properties`, அதற்குள் `Position`. அங்கே `Horizontal position` என்ற கட்டத்தில் எண்ணை எழுதலாம். கோடு 2 செ.மீ.யில் தொடங்குகிறது, திப்பு மறைவு 4 செ.மீ., ஆக 6. அந்தக் கட்டம் புள்ளியின் நடுவை அல்ல, இடது ஓரத்தை அளக்கிறது. புள்ளி 0.4 செ.மீ. அகலம் என்றால் பாதியைக் கழித்து 5.8 என்று எழுதுங்கள். லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸில் `F4` அழுத்தினால் இதே வசதி வரும். அங்கே அகலத்திரைத் தாள் 28 செ.மீ.தான் என்பதால் 25 செ.மீ. கோடு, ஓர் அலகுக்கு 2.5 செ.மீ.

காலக்கோட்டுக்குச் சாம்பல் நிறம், தடித்த கோடு, முனையில் அம்பு வேண்டாம். வலப்பக்கம் அம்பு போடும் பழக்கம் பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. காலம் இடமிருந்து வலம் போகிறது என்பது எண்களைப் பார்த்தாலே தெரியும். அம்பை வேறு வேலைக்குச் சேமித்து வையுங்கள்.

அம்புக்கு ஒரு வாக்கியம்

இப்போது காரணத்துக்கு வருவோம். காரணத் தாளில் காலக்கோடு கீழே மெல்லியதாக ஓடட்டும். நிகழ்ச்சிப் பெட்டிகள் மேலே இருக்கட்டும். பெட்டிகளுக்கு இடையே செந்நிற அம்புகள். சட்டம் ஒன்றே ஒன்று: அம்பின் மேல் ஒரு வாக்கியம் எழுத முடியாவிட்டால் அந்த அம்பு கிடையாது. வாக்கியத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அவர் நினைத்ததோ அஞ்சியதோ செய்ததோ ஒன்று இருக்க வேண்டும்.

சோதித்துப் பாருங்கள். "புதிய தலைப்பாகை", அதிலிருந்து ஓர் அம்பு, "புரட்சி". மேலே என்ன எழுதுவீர்கள்? "கோபம் வந்தது" என்று எழுதினால், தலைப்பாகைக்குப் போய் யாராவது ஆளைக் கொல்வார்களா என்று பின் பெஞ்சிலிருந்து கேள்வி வரும். நியாயமான கேள்வி. அம்பு நீளமாக இருக்கிறது, நடுவே ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

உடைத்துப் பார்ப்போம். 1805 நவம்பரில் வந்த தலைப்பாகையில் தோலால் செய்த குஞ்சம் இருந்தது. எந்த விலங்கின் தோல் என்ற ஐயம் இந்துவுக்கும் இருந்தது, முஸ்லிமுக்கும் இருந்தது. அதோடு நெற்றியில் சமயக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதிகளும் சேர்ந்து வந்தன. இப்போது அம்பின் வாக்கியம் தானே வருகிறது: "நம்மைக் கிறித்தவர்களாக்கப் பார்க்கிறார்கள் என்று சிப்பாய்கள் அஞ்சினார்கள்." அம்பு போய்ச் சேரும் பெட்டி இன்னும் புரட்சி அல்ல, "மே மாத மறுப்பு".

அடுத்த அம்பு மறுப்பிலிருந்து தண்டனைக்கு. மறுத்தவர்களைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்தார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்துப் படையிலிருந்து நீக்கினார்கள். இன்னும் பத்தொன்பது பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். கசையடி எத்தனை என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை, ஆகவே எண்ணைத் தாளில் போடாதீர்கள். தண்டனையிலிருந்து ஜூலை 10க்குப் போகும் அம்பில் நான் எழுதியது: "வெளிப்படையாகச் சொன்னால் அடிதான் என்று கண்டவர்கள் இரகசியமாகக் கூடினார்கள்." பின் பெஞ்சுக் கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. தலைப்பாகைக்காக யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல இடமில்லாமல் போனபோது தூக்கினார்கள்.

திப்புவின் குடும்பத்துக்குத் தனிப்பாதை. 1799இலிருந்து "கோட்டையில் இளவரசர்கள்" என்ற பெட்டிக்கு ஓர் அம்பு. வாக்கியம்: "மைசூரில் விட்டுவைத்தால் ஆபத்து என்று கம்பெனி அவர்களை வேலூருக்குக் கொண்டுவந்தது." அங்கிருந்து ஜூலை 10க்கு இன்னோர் அம்பு: "எழுந்தபின் யாரை அரசராக்குவது என்ற கேள்விக்குச் சிப்பாய்களின் கண்ணெதிரே ஆள் இருந்தார்." திப்புவின் மூத்த மகன் ஃபதே ஹைதரை அரசராக அறிவித்து, மைசூரின் கொடியையும் கோட்டையில் ஏற்றினார்கள்.

இப்போது படத்தைப் பாருங்கள். இரண்டு பாதைகள் தனித்தனியே வந்து ஜூலை 10இல் சேர்கின்றன. திப்பு மறைவுக்கும் தலைப்பாகைக்கும் இடையே அம்பே இல்லை. என் பழைய படத்தில் இருந்த தவறு இங்கே வரவே முடியாது.

புள்ளிக்கோடும் வெட்டுக்குறியும்

எல்லா அம்பும் ஒரே உறுதியோடு நிற்பதில்லை. பாளையக்காரர் போர்களில் தோற்ற பகுதிகளிலிருந்து வந்தவர்களும் அந்தப் படைப்பிரிவுகளில் இருந்தார்கள், பழைய வடு அவர்கள் மனத்தில் இருந்தது என்று எழுதுவார்கள். இருக்கலாம். ஆனால் தலைப்பாகைக்கு இருக்கிற மாதிரி நேரான சான்று இதற்கு என் கையில் இல்லை. அதனால் புள்ளிக்கோட்டு அம்பு. கர்நாடக உடன்படிக்கைக்கும் அப்படியே. ஆட்சி கைமாறியது பின்னணிதான். அதனால் ஒரு சிப்பாய் இதைச் செய்தார் என்று வாக்கியம் அமைக்கப் போனால் பேனா நிற்கிறது. கடைசியில் அதற்கு அம்பே போடாமல் கோட்டில் புள்ளியாக மட்டும் விட்டேன்.

திருமணம் வேறு வகை. ஜூலை 9 திருமணத்தைச் சாக்கிட்டுச் சிப்பாய்கள் கோட்டைக்குள் கூடினார்கள் என்கிறார்கள். அது காரணமா? பிள்ளைகளிடம் இப்படிக் கேளுங்கள்: "அந்தக் கல்யாணம் நடக்காமல் இருந்திருந்தால், சிப்பாய்களுக்கு அந்த விதிகள் மேல் இருந்த அச்சம் போயிருக்குமா?" போயிருக்காது. வேறொரு நாள் பார்த்திருப்பார்கள். அதாவது புரட்சி ஏன் வந்தது என்பதற்குக் கல்யாணம் பதில் அல்ல, ஏன் அன்று இரவு வந்தது என்பதற்குத்தான் பதில். இதை நான் அம்பாகப் போடாமல் ஜூலை 10 பெட்டியின் காலடியில் "வாய்ப்பு" என்று ஒரு சிறு பட்டியாக ஒட்டிவிட்டேன்.

எனக்கு மிகப் பிடித்த பெட்டி முஸ்தபா பெக்குடையது. ஜூன் 17 அன்று அவர் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், சதி நடக்கிறது என்று சொல்கிறார். ஃபோர்ப்ஸ் அதை இந்திய அதிகாரிகளிடமே விசாரிக்க விடுகிறார். அவர்களோ, இவனுக்குப் பித்து, சிறையில் போடுங்கள் என்கிறார்கள். சிறையில் போட்டார்கள். காலக்கோட்டில் இது ஒரு புள்ளி, ஆனால் இதிலிருந்து எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் போனதைப் படத்தில் எப்படிக் காட்டுவது? "கோட்டையில் காவல் பலப்படும்" என்று ஒரு வெளிறிய பெட்டி வரைந்து, எச்சரிக்கையிலிருந்து அதற்கு அம்பு போட்டு, அம்பின் நடுவே சிவப்பு வெட்டுக்குறி போட்டேன். அதன்மேல் வாக்கியம்: "யாரைப் பற்றிய புகாரோ அவர்களிடமே விசாரணை போனது." இந்த ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வகுப்பு விடாது.

இரண்டாம் கேள்விக்கான அம்புகள் மணிக்கோட்டின் மேல் வரும். விடியற்காலை 2 மணியளவில் சுடத் தொடங்குகிறார்கள். சிலர் 3 மணி என்பார்கள், "அளவில்" என்ற சொல்லைப் போட்டு வையுங்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் உட்பட அதிகாரிகளும் நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களும் கொல்லப்படுகிறார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்கு ஆளனுப்புகிறார். ஆற்காடு ஏறத்தாழ 25 கி.மீ. அங்கே குதிரைப்படையோடு கில்லெஸ்பி இருக்கிறார். 9 மணியளவில் அவர் கோட்டை வாசலில் நிற்கிறார். மதிலின் ஒரு பகுதியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர் கயிறு இறக்கி அவரை மேலே தூக்கிக்கொள்கிறார்கள். பின்னால் வந்த பீரங்கி உள்வாசலைத் தகர்க்கிறது. குதிரைப்படை உள்ளே நுழைகிறது. நண்பகலுக்குள் முடிந்துவிட்டது.

இங்கே அம்புகள் இரண்டே. ஒன்று, சிப்பாய்களில் பலர் வாசல்களைக் காப்பதை விட்டுக் கொள்ளையில் இறங்கினார்கள், வெளிவாசல்கள் திறந்தே கிடந்தன. இன்னொன்று, ஆற்காடு சில மணி நேரத்தில் குதிரையில் வந்துவிடும் தொலைவில் இருந்தது. "ஆற்காடு 100 கி.மீ. தள்ளி இருந்திருந்தால்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மணிக்கோடு எதிரே இருப்பதால் ஒரு மணிக்கு எத்தனை கி.மீ. என்று பிள்ளைகள் தாமே கணக்குப் போடுவார்கள்.

சிப்பாய்கள் தரப்பில் இறந்தவர்கள் 350 என்று ஒரு கணக்கு, அதைவிடக் கூடுதல் என்று வேறு கணக்கு. "நூற்றுக்கணக்கில்" என்று எழுதினால் போதும். எட்டாம் வகுப்புக்குக் கொலைகளை விவரிக்கும் படங்கள் வேண்டாம். இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் நேரில் பார்க்காதவர்கள் பிறகு வரைந்தவை. கோட்டை மதிலையும் அகழியையும் காட்டும் இன்றைய ஒளிப்படம் ஒன்று இருந்தால் இந்தப் பாடத்துக்குப் போதும். வேலூர்ப் பக்கம் போகிற யாரிடமாவது எடுத்து வரச் சொல்லலாம்.

கணினியில் வரையும்போது

பெட்டிகளை இணைக்கச் சாதாரணக் கோட்டைப் பயன்படுத்தாதீர்கள். பெட்டியை நகர்த்தினால் கோடு அங்கேயே நின்றுவிடும், அம்பு அந்தரத்தைச் சுட்டும். பவர்பாயின்ட்டில் `Insert` > `Shapes` போய் `Connector: Elbow Arrow` எடுங்கள். பெட்டியின் அருகே கொண்டுபோனதும் ஓரங்களில் சிறு புள்ளிகள் தெரியும். அவற்றில் ஒன்றின்மேல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதா என்று அறிய, பெட்டியைச் சற்று நகர்த்திப் பாருங்கள். கூடவே வந்தால் சரி. கூகுள் ஸ்லைட்ஸில் இதுவே `Insert` > `Line` > `Elbow connector`.

அம்புகள் ஒவ்வொன்றாக வர வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில் அல்ல. இதற்கு அனிமேஷன் போடலாம். நான் போடுவதில்லை. ஹைடெக் லேபில் இருக்கும் கணினியில் என்ன மென்பொருள் என்று முன்கூட்டித் தெரியாது. பவர்பாயின்ட்டில் செய்தது இம்ப்ரெஸில் திறக்கும்போது வரிசை கலைந்த அனுபவம் உண்டு. அதற்குப் பதிலாகக் கடைசி, முழுமையான காரணத் தாளை முதலில் செய்துகொள்கிறேன். இடப்பக்கச் சிறுபடத்தைத் தேர்ந்து `Ctrl+D` அழுத்தினால் நகல் வரும். ஆறு நகல் எடுத்துக்கொண்டு, முதல் தாளில் ஓர் அம்பைத் தவிர மற்றவற்றை அழிப்பேன், இரண்டாம் தாளில் இரண்டைத் தவிர மற்றவற்றை. இப்படியே போனால், அடுத்த தாளுக்குப் போகும்போது அம்பு முளைப்பது போலவே தெரியும். பெட்டிகள் இம்மிகூட அசையாது. முழுதையும் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போனால் எந்தக் கணினியிலும் ஓடும்.

பிடிஎஃப் இன்னொரு தொல்லையையும் தீர்க்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். `Nirmala UI` விண்டோஸில் இருக்கும், `Noto Sans Tamil` இலவசம். பெட்டிக்குள் எழுத்து 24க்குக் கீழே போனால் கடைசி வரிசைக்குத் தெரியாது. தமிழ்ச் சொல் நீளம் என்பதால் பெட்டி நிரம்பி வழியும். எழுத்தைச் சிறிதாக்காமல் சொல்லைக் குறையுங்கள். "ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி" ஒரு முறை வந்தால் போதும், பிறகு "கம்பெனி".

விளைவும், போடக் கூடாத அம்பும்

விளைவுகளுக்கு ஒரே தாள். தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. புரட்சியில் இறங்கிய படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. திப்புவின் மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்க், தலைமைத் தளபதி ஜான் கிரடாக் இருவரும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அப்படிப் போன பென்டிங்க் 1828இல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார் என்பதைக் கேட்டால் வகுப்பு சிரிக்கும், சொல்லலாம்.

இந்த விளைவுகளை முந்தைய காரணங்களோடு பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி எதை மாற்றியது? விதியை விலக்கியது, இளவரசர்களை அகற்றியது. நாம் வரைந்த இரண்டு பாதைகளையும் அடைத்திருக்கிறது. அன்றைய விசாரணையும் இந்த இரண்டையுமே காரணமாகச் சொன்னது. எது பெரிது என்பதில் அதிகாரிகளுக்குள் சண்டை. இராணுவத் தரப்பு இளவரசர்களைக் கைகாட்டியது, பென்டிங்க் சீருடை விதிகளைக் கைகாட்டினார். யாருக்கு எந்தக் காரணம் வசதி என்று கேட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். எட்டாம் வகுப்புக்கு இதை விட்டுவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். காலக்கோட்டை வலப்பக்கம் நீட்டி, 1857 மே 10, மீரட் என்று புள்ளி வைத்து, வேலூரிலிருந்து அதற்கு ஓர் அம்பு. தலைப்பாகைத் தோல், தோட்டாக் கொழுப்பு, இரண்டும் பத்தாம் தேதி. கை தானே போகும். அம்பின் மேல் வாக்கியம் எழுதிப் பாருங்கள். "1806இல் நடந்ததைக் கண்டு மீரட்டில்..." யார் கண்டார்? ஐம்பத்தோரு ஆண்டு இடைவெளி. எழுந்தது வங்காளப் படை. வேலூர் நடந்த சென்னைப் படை 1857இல் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தது. வாக்கியம் அமையவில்லை, ஆகவே அம்பு இல்லை. ஒப்புமை இருக்கிறது என்று காட்ட வேண்டுமானால் முனையில்லாத இரட்டைக்கோடு, வேறு நிறத்தில், "ஒப்பிடுக" என்று எழுதி.

கடைசித் தாள் வெறுமையாக

கடைசித் தாளில் பெட்டிகள் மட்டும், அம்பு ஒன்றுகூட இல்லை. இதை வகுப்புக்கு முன்பே ஏ4 தாளில் அச்சடித்து, இருவருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம். அம்பு போடலாம், ஒவ்வோர் அம்புக்கும் வாக்கியம் எழுத வேண்டும். முனை எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துக்கொண்டே பெஞ்சுகளுக்கிடையே நடங்கள். முனையைத் திருப்பிப் போடுகிறவர்கள், அதாவது விளைவிலிருந்து காரணத்துக்கு அம்பு போடுகிறவர்கள், வகுப்புக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். "ஏன்" என்று யோசித்து விளைவிலிருந்து பின்னோக்கிப் போயிருக்கிறார்கள், யோசனை சரிதான். "இதிலிருந்து எது வந்தது?" என்று கேட்டால் திருத்திக்கொள்வார்கள்.

திருத்தும்போது நான் அம்புகளை எண்ணுவதில்லை, வாக்கியங்களைப் படிக்கிறேன். போன முறை ஒரு மாணவி முஸ்தபா பெக் பெட்டியிலிருந்து நேராக ஜூலை 10க்கு அம்பு போட்டிருந்தாள். தவறு என்று பேனாவை எடுத்தேன். மேலே எழுதியிருந்தது: "சொன்னவரையே சிறையில் போட்டதால், மற்றவர்கள் தயாராவதற்கு இருபத்து மூன்று நாள் கிடைத்தது."

அவள் வரைந்த அந்த அம்பு இப்போது என் தாளிலும் இருக்கிறது, புள்ளிக்கோட்டில்.